நாலு கால் நடை: ஆறு பிரேம் கணக்கு

அனிமேஷனில் இரண்டு கால் மனிதனை நடக்க வைக்கக் கற்றுக்கொண்டவர்கூட நாயிடம் வந்ததும் திணறிப் போகிறார். நான்கு கால்களையும் ஒரே நேரத்தில் மனதில் வைத்துக்கொண்டு வரையப் பார்ப்பதுதான் காரணம். ஒரு காலைச் சரிசெய்தால் இன்னொன்று கெடும். கடைசியில் கால்கள் நான்கும் ஏதோ ஒரு வகையில் ஆடிக்கொண்டிருக்கும், ஆனால் நடையாகத் தெரியாது.

அதை வேறு விதமாகப் பாருங்கள். ஒரே போர்வைக்குள் முன்னும் பின்னுமாக இரண்டு ஆட்கள் நடந்து போகிறார்கள். பின்னால் இருப்பவர் சாதாரணமாக நடக்கிறார். முன்னால் இருப்பவரும் அதே நடைதான், அதே வேகம்தான், ஆனால் எப்போதும் கொஞ்சம் பிந்தித்தான் காலை வைக்கிறார். அந்தக் கொஞ்சம் எவ்வளவு என்பதுதான் இங்கே கேள்வி. கால் வரிசை, உடம்பின் ஏற்ற இறக்கம், தலையின் அசைவு எல்லாம் அந்த ஒரு எண்ணிலிருந்தே பிறக்கின்றன.

எடுத்துக்காட்டாக நடுத்தர அளவு நாய் ஒன்றை எடுத்துக்கொள்வோம். நொடிக்கு 24 பிரேம், ஒரு முழு நடைச் சுற்றுக்கும் 24 பிரேம். அதாவது நாய் ஒரு நொடியில் நான்கு கால்களையும் ஒரு முறை எடுத்து வைத்துவிடும். அவசரமும் இல்லை, சோம்பலும் இல்லை. கணக்குப் போடவும் எளிது.

எந்தக் கால் எப்போது

வரிசை இதுதான்: இடது பின்னங்கால், இடது முன்னங்கால், வலது பின்னங்கால், வலது முன்னங்கால். ஒரு பக்கத்தின் பின்கால் விழும், பிறகு அதே பக்கத்தின் முன்கால், அதன் பிறகு மறுபக்கம். குதிரை, மாடு, பூனை, நாய், யானை எல்லாம் நிதானமாக நடக்கும்போது இந்த வரிசையில்தான் நடக்கின்றன. மனப்பாடம் செய்ய ஒரே வாக்கியம் போதும்: பின்கால் வந்து முன்காலைத் துரத்துகிறது. இடது பின்கால் தரைக்கு வந்துகொண்டிருக்கும்போதே, இடது முன்கால் அந்த இடத்தைக் காலி செய்துவிட்டு மேலே கிளம்பும்.

அந்த "பிந்துதல்" நாம் எடுத்த சுற்றில் 6 பிரேம். 24-இல் கால் பங்கு. இடது பின்கால் 1-ஆம் பிரேமில் தரையைத் தொட்டால் இடது முன்கால் 7-இல் தொடும், வலது பின்கால் 13-இல், வலது முன்கால் 19-இல். நாலு அடியும் சம இடைவெளியில் விழும். காதால் கேட்டால் டக், டக், டக், டக் என்று ஒரே தாளம்.

இந்த 6 என்ற எண்ணை மாற்றிப் பார்த்தால் அதன் வலிமை புரியும். அதை 0 ஆக்குங்கள்: இடது பின்காலும் இடது முன்காலும் ஒன்றாக விழும். ஒட்டகம் வேகமாகப் போகும்போது ஒரே பக்கத்துக் கால்கள் இரண்டும் சேர்ந்து வருமே, அந்த நடை. 12 ஆக்குங்கள்: இடது பின்காலோடு வலது முன்கால் சேர்ந்து விழும். அது குதிரையின் டிராட் ஓட்டத்தின் கால் வரிசை. 18 ஆக்கினால் பெரும்பாலான குரங்குகள் நான்கு காலில் நடக்கும் வரிசை வந்துவிடும். ஆகவே நாய் நடையை வரையும்போது கைதவறி 6-க்குப் பதில் 12 வைத்தால், வரைந்தவருக்கே தெரியாமல் அது மெதுவாக ஓடும் நாயாகிவிடும். புதியவர்கள் வரையும் நடைச் சுற்றுகளில், அதாவது சைக்கிள்களில், அதிகம் கண்ணில் படும் தவறு இதுதான். மனிதன் நடக்கும்போது இடது காலோடு வலது கை முன்னே வருகிறதல்லவா, அந்தப் பழக்கத்தை அப்படியே நாலு காலுக்கும் கொண்டுவந்துவிடுகிறார்கள். இதில் நிபுணர்களும் தப்பவில்லை. 2009-இல் ஹங்கேரிய ஆய்வாளர்கள் அருங்காட்சியக மாதிரிகள், உடற்கூற்று நூல்களின் படங்கள், பொம்மைகள் ஆகியவற்றில் நடக்கும் விலங்குகளின் கால் நிலையைச் சரிபார்த்து வெளியிட்டார்கள். பாதிக்குப் பக்கத்தில் தவறாக இருந்தன.

24 பிரேமின் பட்டியல்

எப்போது தொடும் என்பது தெரிந்துவிட்டது. இனி எவ்வளவு நேரம் தரையில் இருக்கும் என்பது. நடை என்றால் ஒவ்வொரு காலும் காற்றில் இருப்பதைவிட அதிக நேரம் தரையில் இருக்கும். நமது நாய்க்கு 15 பிரேம் தரை, 9 பிரேம் காற்று என்று வைப்போம். பட்டியல் இப்படி வரும்.

- இடது பின்கால்: 1-இல் தொடும், 15 வரை தரையில், 16-இல் எழும்.
- இடது முன்கால்: 7-இல் தொடும், 21 வரை தரையில், 22-இல் எழும்.
- வலது பின்கால்: 13-இல் தொடும், 24-ஐத் தாண்டி அடுத்த சுற்றின் 3 வரை தரையில், 4-இல் எழும்.
- வலது முன்கால்: 19-இல் தொடும், அடுத்த சுற்றின் 9 வரை தரையில், 10-இல் எழும்.

இதைக் காகிதத்தில் நான்கு கோடுகளாக, 24 கட்டங்களில் நிழலடித்து ஒரு முறை போட்டுப் பாருங்கள். 1 முதல் 3 வரை மூன்று கால்கள் தரையில் இருக்கும். 4 முதல் 6 வரை இரண்டு, 7 முதல் 9 வரை மூன்று, 10 முதல் 12 வரை இரண்டு. மூன்று, இரண்டு, மூன்று, இரண்டு என்று மாறி மாறி வரும். நான்கும் சேர்ந்து தரையில் நிற்கும் பிரேம் ஒன்றும் கிடையாது, ஒன்று மட்டும் நிற்கும் பிரேமும் கிடையாது. உங்கள் சைக்கிளை எந்த இடத்தில் நிறுத்தி எண்ணினாலும் 2 அல்லது 3 வர வேண்டும். 1 வந்தால் ஏதோ ஒரு கால் சீக்கிரம் எழுந்துவிட்டது. 4 வந்தால் ஏதோ ஒரு கால் எழ மறந்துவிட்டது. மெதுவாகப் பதுங்கிப் போகும் விலங்குக்கு மட்டும் தரை நேரத்தை 18 பிரேம் வரை கூட்டலாம். அப்போது எப்போதும் மூன்று கால்கள் தரையில் இருக்கும்.

கண்ணுக்கு அடையாளமாக ஒரு படத்தையும் நினைவில் வையுங்கள். 24-ஆம் பிரேமைப் பாருங்கள். இடது பக்கத்தில் பின்கால் முன்னே வந்து தரையைத் தொடப் போகிறது, முன்கால் சற்றுமுன் எழுந்து பின்பக்கமாக மடங்கியிருக்கிறது. இரண்டு பாதங்களும் கிட்டத்தட்ட முட்டிக்கொள்ளும் அளவுக்கு நெருங்கி, அந்தப் பக்கத்துக் கால்கள் 'V' வடிவில் தெரியும். அதே பிரேமில் வலது பக்கத்துக் கால்கள் இரண்டும் தரையில் அகன்று நிற்கும். ஒரு பக்கம் குவிந்தும், மறுபக்கம் விரிந்து இரண்டு காலும் தரையில் ஊன்றியும் இருக்கும் இந்தப் படம் வந்துவிட்டால் வரிசை சரி. இடது பின்காலோடு சேர்ந்து வலது முன்காலும் காற்றிலிருந்து தரைக்கு வந்துகொண்டிருந்தால் டிராட்டுக்குப் போய்விட்டீர்கள்.

அடியின் நீளம்

ஒரே இடத்தில் நடக்கும் சைக்கிளில் உடம்பு நகராது, தரைதான் பின்னோக்கி ஓடும். தரை ஒரே வேகத்தில் ஓடுவதால், தரையில் ஊன்றிய பாதமும் ஒவ்வொரு பிரேமுக்கும் ஒரே அளவு பின்னே போக வேண்டும். நமது நாய்க்கு அது பிரேமுக்கு 20 பிக்சல் என்று வைப்போம்.

இடது பின்பாதம் 1-இல் இடுப்புக்கு நேர் கீழுள்ள புள்ளியிலிருந்து 150 பிக்சல் முன்னே தொடுகிறது. 16-ஆம் பிரேமுக்குள் 15 × 20 = 300 பிக்சல் பின்னே போய், 150 பிக்சல் பின்னால் இருந்து எழும். பிறகு 9 பிரேமில் அதே 300 பிக்சலையும் முன்னே கடந்து வரும். அதனால்தான் வீச்சு எப்போதும் ஊன்றலைவிட வேகமாகத் தெரியும். சராசரியாகப் பிரேமுக்கு 33 பிக்சல்.

இங்கே பலரும் மென்பொருளை நம்பி ஏமாறுவார்கள். 1-இலும் 16-இலும் கீ வைத்து, அதாவது அந்த இரண்டு பிரேம்களில் மட்டும் பாதத்தின் இடத்தைக் குறித்துக் கொடுத்துவிட்டு விட்டால், மென்பொருள் தானாக இரண்டு முனையிலும் வேகத்தைக் குறைத்து நடுவில் கூட்டும். தரையோ ஒரே வேகத்தில் ஓடும். விளைவு, பாதம் பனிக்கட்டியில் வைத்ததுபோல் வழுக்கும். ஊன்றல் பகுதிக்கு வளைவு வேண்டாம், நேர்கோடுதான். பிளெண்டர் என்ற 3D மென்பொருளில் என்றால் ஊன்றல் தொடங்கும் 1-ஆம் பிரேமின் கீயை மட்டும் தேர்ந்தெடுத்து `T` அழுத்தி `Linear` கொடுங்கள். வீச்சுப் பகுதிக்கு மட்டும் வளைவு இருக்கட்டும்.

அடுத்த கேள்வி, பின்பாதம் எங்கே விழ வேண்டும்? பல நாய்களும் பூனைகளும் நடந்த மண்ணைப் பார்த்தால் முன்பாதத்தின் தடத்தின் மேலேயே, அல்லது அதை ஒட்டியே பின்பாதத்தின் தடம் இருக்கும். இதற்கும் நம் 6 பிரேமே விடை சொல்கிறது. முன்பாதம் 7-இல் தரையைத் தொட்டது. அதே பக்கத்துப் பின்பாதம் மறுபடி தொடுவது 25-இல், அதாவது 18 பிரேம் கழித்து. அந்த 18 பிரேமில் உடம்பு 18 × 20 = 360 பிக்சல் முன்னே போயிருக்கும். இடுப்புக்கும் தோளுக்கும் உள்ள தூரம் 360 பிக்சல் என்றால் பின்பாதம் மிகச் சரியாக முன்தடத்தில் போய் உட்காரும்.

ஆக, ஒரு சுற்றில் நாய் நகரும் மொத்த தூரம் 480 பிக்சல், உடம்பு 360 பிக்சல். தூரத்தில் முக்கால் பங்கு உடம்பு. நீங்கள் ஏற்கனவே வரைந்து வைத்த நாயின் இடுப்பு–தோள் தூரத்தை அளந்து அதை 4-ஆல் பெருக்கி 3-ஆல் வகுத்தால், அந்த நாய்க்குப் பொருந்தும் அடி நீளம் கிடைத்துவிடும். உடம்பு நீளமான நாய்க்குக் குட்டைக் கால் இருந்தால் இந்த அடி எட்டாது. அப்போது பின்பாதம் தடத்துக்குப் பின்னாலேயே விழும், அது தவறில்லை. கால் எட்டாத இடத்துக்கு அதை இழுத்துக்கொண்டு போய் வைப்பதுதான் தவறு.

மிக முக்கியமான ஒன்று: பின்பாதம் 25-இல் வரும்போது முன்பாதம் அங்கே இருக்கக் கூடாது. பட்டியலில் அது 22-இலேயே எழுந்துவிட்டது. அந்த 3 பிரேம் இடைவெளி போதும். ஊன்றல் நேரத்தை 15-இலிருந்து 18 ஆக்கினால் இந்த இடைவெளி பூஜ்யமாகிவிடும், பின்பாதம் முன்பாதத்தை மிதிக்கும். அதனால்தான் மெல்ல நடக்கும் விலங்கின் அடியைச் சற்றுக் குட்டையாக வைக்க வேண்டியிருக்கிறது.

உடம்பு: முதுகு ஒரு சீசா

மனிதன் நடக்கும்போது இரண்டு காலும் விரிந்து தரையில் இருக்கும் இடத்தில் இடுப்பு தாழும், ஒரு காலின் மேல் நேராக நிற்கும்போது உயரும். நாயின் பின்பாதியும் அதையேதான் செய்கிறது. முன்பாதியும் அதையேதான், ஆனால் 6 பிரேம் தாமதமாக.

பின்கால்கள் இரண்டும் தரையில் இருப்பது 1–3, பிறகு 13–15. ஆகவே இடுப்பு தாழ்வது 2-இலும் 14-இலும். ஒரு பின்கால் நேராக நிமிர்ந்து நிற்கும் 8-இலும் 20-இலும் இடுப்பு உச்சத்தில் இருக்கும். முன்கால்கள் இரண்டும் தரையில் இருப்பது 7–9, 19–21. எனவே தோள் தாழ்வது 8-இலும் 20-இலும், உயர்வது 2-இலும் 14-இலும்.

இந்த எண்களை மறுபடி படியுங்கள். இடுப்பு தாழும் அதே பிரேமில் தோள் உச்சத்தில் இருக்கிறது. தோள் தாழும் அதே பிரேமில் இடுப்பு உச்சத்தில். ஏற்ற இறக்கம் 12 பிரேமுக்கு ஒரு முறை திரும்ப வருவதால், 6 பிரேம் தாமதம் என்பது சரியாக அதில் பாதி. முதுகு முழுவதும் மேலும் கீழும் குதிப்பதில்லை, சீசா போல முன்னும் பின்னும் சாய்ந்தாடுகிறது. வயிற்றின் நடுப்பகுதி கிட்டத்தட்ட அசையாமலே இருக்கும்.

புதியவர் செய்வதோ வேறு. உடம்பு முழுவதற்கும் ஒரே கன்ட்ரோலைப் பிடித்து மேலே கீழே அசைத்துவிடுகிறார். அப்போது கால் வரிசை எவ்வளவு சரியாக இருந்தாலும் பார்ப்பவருக்கு ஏதோ ஸ்பிரிங் வைத்த பொம்மை தெரியும். இடுப்புக்கு ஒரு கன்ட்ரோல், நெஞ்சுக்கு ஒரு கன்ட்ரோல் எனப் பிரித்துக்கொள்ளுங்கள். மொத்தத்தில் 2, 8, 14, 20 என்ற நான்கு பிரேம்களில் மட்டும் கீ வைத்தால் போதும்.

எவ்வளவு உயரம்? நமது நாயின் கால் நேராக நின்றால் 340 பிக்சல் என்று வையுங்கள். அது மடங்காத குச்சியாக இருந்தால், 150 பிக்சல் முன்னே நீட்டிய நிலையில் இடுப்பின் உயரம் 305-க்கு இறங்கியிருக்கும். 35 பிக்சல் வித்தியாசம். நிஜ நாய் அவ்வளவு குதிப்பதில்லை. நடு நிலையில் மூட்டுகள் கொஞ்சம் மடங்கி அந்த உயரத்தை விழுங்கிவிடுகின்றன, முனைகளில் குதிகால் உயர்ந்து காலை நீளமாக்குகிறது. நடைமுறையில் மேலிருந்து கீழ் வரை 10 பிக்சல், அதாவது கால் நீளத்தில் நூற்றுக்கு மூன்று பங்கு போதும். இடுப்பு 5 கீழே, தோள் 5 மேலே இருக்கும்போது முதுகின் சாய்வு ஒன்றரை டிகிரிக்குச் சற்று மேல், அவ்வளவுதான். கேட்க ஒன்றுமில்லாததுபோல் இருக்கும். ஆனால் அதை அணைத்துவிட்டு ஓட்டிப் பாருங்கள், நாய் உடனே மேசை ஆகிவிடும்.

பக்கவாட்டு ஆட்டம் இதற்கு எதிர்மாறு. எடை இடது பின்காலில் இருக்கும்போது இடுப்பு இடது பக்கம் நகரும், வலது பின்காலில் இருக்கும்போது வலது பக்கம். அது 24 பிரேமுக்கு ஒரு முறைதான். ஏற்ற இறக்கம் ஒரு சுற்றில் இரண்டு முறை, பக்கவாட்டு ஒரு முறை. இதை மாற்றி ஏற்ற இறக்கத்தை ஒரே முறை வைத்தால், ஒரு பக்கத்து அடியில் மட்டும் நாய் தாழும். நொண்டுவதுபோல் தெரியும்.

தலை

தலை ஒரு சுற்றில் இரண்டு முறை இறங்கி ஏறும். காரணம் எளிது. தலை கழுத்தில் தொங்குகிறது, கழுத்து தோளில் இருக்கிறது, தோள் இரண்டு முறை இறங்கி ஏறுகிறது. ஆனால் தலைக்கு எடை உண்டு, எனவே தோள் போனதும் சற்றுத் தாமதமாகத்தான் பின்தொடரும். நமது நாய்க்கு 2 பிரேம் தாமதம் கொடுங்கள். தோள் 8-இல் அடியில் இருக்கிறது, தலை 10-இல் அடிக்கு வரட்டும். தோள் 14-இல் உச்சம், தலை 16-இல் உச்சம். அப்படியே 22-இல் அடி, அடுத்த சுற்றின் 4-இல் உச்சம்.

2-க்குப் பதில் 0 வைத்தால் தலை நெஞ்சோடு ஆணி அடித்ததுபோல் இருக்கும். 6 வைத்தால் தோளுக்கு நேர் எதிராகப் போய், நாய் ஒவ்வொரு அடிக்கும் யாருக்கோ தலையாட்டுவதுபோல் ஆகிவிடும். நாய்க்கு 1 முதல் 3 வரை எங்கேயாவது நிறுத்துங்கள். இது வரைபவரின் தொடக்க அளவுதான். குதிரை, மாடு போன்ற நீண்ட கழுத்துள்ளவற்றுக்குத் தலையாட்டு பெரியது, அதன் நேரத்தை வீடியோவைப் பிரேம் பிரேமாகத் தள்ளிப் பார்த்தே வையுங்கள். இரை மேல் கண் வைத்துப் பதுங்கும் பூனைக்கு நேர் எதிர்: உடம்பு அசையும், தலை அசையாது.

தலை இறங்கும்போது மூக்கு தரையைப் பார்க்கத் திரும்பிவிடக் கூடாது. கழுத்துதான் இறங்குகிறது. நாய் பார்க்கும் திசை அதேதான். கழுத்து 4 டிகிரி கீழே வளைந்தால் தலையைக் கிட்டத்தட்ட 3 டிகிரி மேல்நோக்கித் திருப்புங்கள். முழுமையாகச் சரிக்கட்ட வேண்டாம், கொஞ்சம் மீதம் இருந்தால்தான் உயிர் இருக்கும்.

சரிபார்க்க ஒரு வழி: மூக்கு நுனி இருக்கும் இடத்தில் ஒவ்வொரு பிரேமிலும் ஒரு புள்ளி வையுங்கள். பக்கத்திலிருந்து பார்த்தால் 24 புள்ளிகளும் ஒரு சின்ன முட்டை வடிவத்தில், இரண்டு முறை சுற்றியதுபோல் விழ வேண்டும். முன்னாலிருந்து பார்த்தால் படுத்த எட்டு போலவோ வளைந்த வில் போலவோ விழும். பக்கவாட்டில் ஒரு முறை, மேல் கீழ் இரண்டு முறை என்பதால் வரும் வடிவம் இது, எது வரும் என்பது அந்த இரண்டு அசைவுகளின் நேரப் பொருத்தத்தைப் பொறுத்தது. புள்ளிகளில் ஒன்று மட்டும் கூட்டத்தை விட்டு விலகி நின்றால் அந்தப் பிரேமில்தான் தலை வெட்டுகிறது.

இரண்டு முறை இறங்குவதும் ஒரே அளவாக இருக்கட்டும். ஒரு முன்காலில் வலியுள்ள நாய் அந்தக் கால் தரையில் படும்போது தலையைத் தூக்கும், நல்ல கால் படும்போது இறக்கும். கால்நடை மருத்துவர்கள் எந்தக் கால் நொண்டுகிறது என்று கண்டுபிடிக்கப் பார்ப்பது இதைத்தான். நீங்கள் 10-இல் 14 பிக்சல் இறக்கி 22-இல் 8 பிக்சல் மட்டும் இறக்கினால், பார்ப்பவர் கால்நடை மருத்துவராக இருக்க வேண்டியதில்லை. நாய்க்கு ஏதோ அடிபட்டிருக்கிறது என்று தோன்றிவிடும். கதைக்கு நொண்டும் நாய் வேண்டுமென்றால் இதுவே வழி, கால்களை அதிகம் தொட வேண்டியதில்லை.

எந்த மூட்டு எந்தப் பக்கம்

பின்காலில் "பின்னோக்கி மடங்கும் முழங்கால்" போலத் தெரிவது முழங்கால் அல்ல, குதிகால். உண்மையான முழங்கால் மேலே, வயிற்றை ஒட்டி, மனிதனுக்கு மடங்கும் திசையிலேயே மடங்குகிறது. முன்காலில் முழங்கால் போலத் தெரிவது மணிக்கட்டு, முழங்கை நெஞ்சை ஒட்டி இருக்கிறது. நாய் விரல்களில் நடக்கிறது என்று ஒரு முறை புரிந்துகொண்டால் போதும், பிறகு எந்த மூட்டையும் தவறாக மடக்க மாட்டீர்கள்.

முன்கால் எழும்போது மணிக்கட்டு தளர்ந்து பாதம் பின்பக்கமாக மடியும். எழுந்த 3 அல்லது 4 பிரேமில் பாதம் தரையிலிருந்து 40 பிக்சல் வரை உயரட்டும், பிறகு முன்னே வீசி நீண்டு, தொடுவதற்கு முன் கால் முழுவதும் நிமிரட்டும். பின்பாதத்துக்கு 25 பிக்சல் போதும்.

தோள்பட்டை எலும்பு உடம்போடு எலும்பு மூட்டால் இணைக்கப்படவில்லை, தசைகளால் மட்டுமே தொங்குகிறது. அதனால் முன்காலின் வீச்சு முழங்கையிலிருந்து தொடங்காது. தோள்பட்டையே விலா மேல் முன்னும் பின்னும் சறுக்கும். கால் முன்னே நீண்டிருக்கும்போது தோள்பட்டையின் அடி முனை முன்னே போயிருக்கும், ஊன்றிய கால் நேராக நிற்கும்போது அதன் மேல் முனை முதுகுக் கோட்டைவிடச் சற்று மேலே தலைகாட்டும். இதைப் பூனையில் பளிச்சென்று பார்க்கலாம். தோள்பட்டையை அசைக்காத சைக்கிளில் முன்கால்கள் நெஞ்சில் குத்திய குச்சிகள் போலவே இருக்கும்.

வேலையைத் தொடங்கும்போது

பின்கால்களை மட்டும் வைத்து முதலில் ஒரு இரண்டு கால் நடையை முடியுங்கள். முன்கால்களை மறைத்துவிடுங்கள். அது சரியாக ஓடிய பிறகு இடுப்பின் ஏற்ற இறக்கத்தைச் சேருங்கள். பிறகு பின்பாதங்களின் கீக்களைப் பிரதி எடுத்து முன்பாதங்களுக்குக் கொடுத்து, மொத்தமாக 6 பிரேம் தள்ளுங்கள். நெஞ்சுக்கும் அதே போல் 6. இப்போதே நடை தெரியும். அதன் பிறகுதான் மணிக்கட்டு, தோள்பட்டை, கழுத்து, தலை. வால் கடைசி: அது இடுப்பின் பக்கவாட்டு ஆட்டத்தைத் தொடர்ந்து, அடியிலிருந்து நுனிவரை ஒவ்வொரு கணுவும் 2 பிரேம் பிந்தி வரட்டும்.

கீக்களைத் தள்ளும்போது சில 24-ஐத் தாண்டி வெளியே போகும். ஒவ்வொரு வளைவிலும் முதல் கீயின் பிரதி ஒன்றைச் சரியாக 24 பிரேம் தள்ளி கடைசிக் கீயாக வைத்துவிட்டு, பிளெண்டரின் `Graph Editor`-இல் `Shift+E` அழுத்தி `Make Cyclic` கொடுத்தால் வளைவு இரண்டு பக்கமும் தானாகத் தொடரும், வெளியே போனதைப் பற்றிக் கவலையில்லை. கைவரைதலில் 25-ஐ 1 என்றும், 28-ஐ 4 என்றும் எடுத்துக்கொள்ளுங்கள்.

25-ஆம் பிரேம் 1-ஆம் பிரேமேதான். கீ அங்கே இருக்க வேண்டும், ஆனால் படமாக வெளியே போவது 24 வரை மட்டும். 25-ஐயும் சேர்த்து விட்டால் ஒரே படம் இரண்டு முறை தொடர்ந்து காட்டப்படும், நொடிக்கு ஒரு முறை நாய் தடுக்கும். புதியவர்கள் மணிக்கணக்கில் கீக்களைத் திருத்திக்கொண்டிருப்பார்கள், தவறோ கடைசிப் பிரேமைக் குறிக்கும் `End` பெட்டியில் இருக்கும்.

எல்லாம் ஓடிய பிறகும் நடை கொஞ்சம் கடிகாரம்போல், அதிகக் கணக்காகத் தெரியலாம். அப்போது 6-ஐ 5 ஆக்கிப் பாருங்கள். பல நாய்கள் உண்மையில் முன்காலைக் கால் பங்குக்குச் சற்று முன்பே வைத்துவிடுகின்றன. முன்பாதங்கள், நெஞ்சு, கழுத்து, தலை எல்லாவற்றையும் ஒன்றாகப் பிடித்து ஒரு பிரேம் முன்னே இழுத்தால் போதும். தோள் 7-இல் தாழும், தலை 9-இல். பின்பாதம் முன்தடத்தைத் தாண்டி 20 பிக்சல் முன்னே விழும். தாளம் டக்-டக், டக்-டக் என்று இரண்டிரண்டாகச் சேரும். முதுகின் சீசாவும் அச்சுப் பிசகி, நடு வயிறு லேசாக மேலும் கீழும் அசையத் தொடங்கும்.